புதிய ஊழியர்களுக்கான அறிமுக நாள் உரை: நடத்தை விதிகளும் லீவும்

எல்லோருக்கும் காலை வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும், ஆயுபோவன்.

பிரதான வீதி, உப்புவெளி, கிண்ணியா என்ற நமது மூன்று பேரங்காடிகளுக்கும் இன்று யூலை 1ஆம் திகதி சேர்ந்திருக்கிற இருபத்திரண்டு பேருக்கும் வாழ்த்துகள். உங்கள் கையில் நியமனக் கடிதமும் நடத்தை விதிக் கைநூலும் இருக்கின்றன. கைநூலில் தமிழும் சிங்களமும் இருக்கின்றன, உங்களுக்கு இலகுவான பக்கத்தைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். கடைசித் தாளில் கையெழுத்து வைத்துத் தரவேண்டும். வாசிக்காமல் வைக்காதீர்கள். நாளைக்கு ஒரு பிரச்சினை வந்தால் அந்தக் கையெழுத்தைத்தான் இரண்டு பக்கமும் எடுத்துக் காட்டும்.

முதலில் நேரம். கடைகள், அலுவலகங்கள் ஊழியர் சட்டம், அதாவது 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம், உங்களுக்குப் பொருந்தும். சாப்பாட்டு நேரம் நீங்கலாக ஒரு நாளைக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45 மணித்தியாலம் வேலை. ஐந்து நாள் காலை 8 முதல் மாலை 5 வரை, நடுவில் ஒரு மணித்தியாலம் சாப்பாடு. ஒரு நாள் 8 முதல் பிற்பகல் 1 வரை அரை நாள். ஒரு நாள் முழு ஓய்வு. யாருக்கு எந்த நாள் ஓய்வு என்பது வியாழக்கிழமை ஒட்டப்படும் றோஸ்டரில் இருக்கும். றோஸ்டரைப் போனில் படம் எடுத்து வைத்திருந்தால் மட்டும் போதாது. சனிக்கிழமை அதில் மாற்றம் வந்திருக்கலாம், ஆகவே அன்று மறுபடியும் பாருங்கள். ஓய்வு நாளை நண்பரோடு மாற்றிக்கொள்ள விரும்பினால் மேற்பார்வையாளர் றோஸ்டரில் திருத்திக் கையெழுத்து வைக்கவேண்டும். நீங்கள் இருவரும் வாய்ப்பேச்சில் மாற்றிக்கொண்டால், வராமல் போனவர் என்று பதிவாவது றோஸ்டரில் பெயருள்ளவர்தான்.

வரும்போதும் போகும்போதும் விரலடையாளம் வையுங்கள். இயந்திரம் விரலை ஏற்கவில்லை என்றால் உடனே பக்கத்திலுள்ள பதிவுப் புத்தகத்தில் நேரத்தை எழுதி மேற்பார்வையாளரிடம் கையெழுத்து வாங்குங்கள். மாத முடிவில் வந்து 'அன்று நான் வந்தேன்' என்று சொன்னால் சம்பளப் பிரிவுக்கு அதைச் சரிபார்க்க வழியில்லை. 45 மணித்தியாலத்துக்கு மேல் செய்யும் வேலைக்கு ஒன்றரை மடங்கு கொடுப்பனவு உண்டு. அதற்கு வேலை தொடங்கும் முன்பே முகாமையாளரின் அனுமதி எழுத்தில் வேண்டும். அனுமதி இல்லாமல் பின்னேரம் இருந்து வேலை செய்யாதீர்கள். செய்யச் சொல்லி யாராவது வற்புறுத்தினால் என்னிடம் வந்து சொல்லுங்கள்.

இனிக் காசு. நமது கடையில் ஊழியர்மீது வரும் முறைப்பாடுகளில் பெரும்பாலானவை காசுக் கவுண்டரில்தான் தொடங்குகின்றன, ஆகவே இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கவுண்டரைப் பொறுப்பேற்கும்போது சில்லறை இருப்பை நீங்களே எண்ணிப் படிவத்தில் எழுதுங்கள். முன்னவர் எண்ணியதை நம்பிக் கையெழுத்து வைக்காதீர்கள். உங்கள் சொந்தக் காசு, கைப்பை, போன் எல்லாம் பின்னாலுள்ள பெட்டகத்தில் இருக்கவேண்டும். சட்டைப் பையில் சொந்தமாக ஆயிரம் ரூபாய் வைத்திருந்துவிட்டு, கவுண்டரில் ஆயிரம் குறைந்தால், உங்கள் காசு உங்களுடையதுதான் என்று நிரூபிக்க உங்களால் முடியாது. முடிவில் எண்ணும்போது குறைந்தாலும் கூடினாலும் அப்படியே எழுதுங்கள். கூடியதை ஒரு பக்கம் ஒதுக்கி வைத்து அடுத்த நாள் குறைவுக்கு நிரப்புகிற பழக்கம் சில கடைகளில் உண்டு. இங்கே அது நடத்தை மீறல். அப்படிக் கூடிய காசு பெரும்பாலும் மீதி குறைவாக வாங்கிப்போன ஒரு வாடிக்கையாளருடையது, அவர் திரும்பி வந்தால் கொடுக்கவேண்டியது.

பில் அடித்த பிறகு இரத்துச் செய்வதென்றால் மேற்பார்வையாளரின் இரகசிய இலக்கம் வேண்டும். அந்த இலக்கத்தை அவர் உங்களிடம் சொல்லிவிட்டுப் போனால் வாங்காதீர்கள், பிழை இருவருக்கும் சேரும். அம்மா, அண்ணன், மச்சான் யார் வந்தாலும் அவர்களுடைய பில்லை நீங்கள் அடிக்கக்கூடாது, பக்கத்துக் கவுண்டருக்கு அனுப்புங்கள். புள்ளி அட்டை இல்லாத வாடிக்கையாளரின் பில்லுக்கு உங்கள் அட்டையைப் போட்டுப் புள்ளி சேர்ப்பதும் களவுதான். சின்ன விடயம் என்று நினைத்துத் தொடங்குகிறார்கள், ஆனால் கணினியில் ஒரே அட்டை ஒரே கவுண்டரில் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை வந்திருப்பது தெளிவாகவே தெரியும்.

விலையும் நிறையும். பொதியில் அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலைக்கு மேல் ஒரு ரூபாயும் வாங்கக்கூடாது. பாவனையாளர் அதிகாரசபைச் சட்டத்தின்படி அது குற்றம். கணினி விலை பொதியைவிடக் கூடுதலாக வந்தால் விற்பனையை நிறுத்தி மேற்பார்வையாளரைக் கூப்பிடுங்கள். மீன், மரக்கறிப் பகுதியில் இருப்பவர்கள் தராசு பூச்சியத்தில் நிற்கிறதா என்று ஒவ்வொரு நிறுவைக்கும் முன்பு பாருங்கள். தட்டில் தங்கிய ஐஸ் தண்ணீர் வாடிக்கையாளரின் பில்லில் ஏறிவிடும். சிகரெட் விற்கும் கவுண்டரில் நிற்பவர்கள் 21 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்கக்கூடாது. சந்தேகம் வந்தால் அடையாள அட்டையைக் கேளுங்கள். 'அப்பாவுக்கு வாங்குகிறேன்' என்று பள்ளிக்கூடப் பிள்ளை வந்தாலும் இல்லை என்றே சொல்லுங்கள்.

திகதி முடிந்த பால்மா, பிஸ்கட், நசுங்கிய ரின் மீன், எதையும் வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. வீசப்போவதுதானே என்று கேட்பீர்கள். அதை அனுமதித்தால், நல்ல பொருளைப் பின்வரிசையில் ஒளித்து வைத்துத் திகதி முடியவிடும் பழக்கம் வளரும். அதோடு, அதைச் சாப்பிட்டு உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு வருத்தம் வந்தால் யார் பொறுப்பு? கழிவுப் புத்தகத்தில் எழுதி, இருவர் கையெழுத்து வைத்து அழிப்பதுதான் முறை. வெளியே போகும்போது பை பார்ப்பது எல்லோருக்கும் உண்டு, எனக்கும் உண்டு.

வழங்குநர்களிடமிருந்து கலண்டர், டயறி வாங்கலாம். காசு, போன் றீலோட், சாப்பாட்டுச் செலவு எதுவும் வாங்கக்கூடாது. வாடிக்கையாளரின் போன் இலக்கத்தைப் பில்லிலிருந்து எடுத்துச் செய்தி அனுப்புவது, நல்ல எண்ணத்தோடு என்றாலும், வேலையை இழக்கவைக்கும் தவறு.

அடுத்தது, நான் மிகவும் கண்டிப்பாக இருக்கும் விடயம். ஒருவருடைய சாதி, சமயம், மொழி, ஊர், உடல் பற்றிய கேலி இங்கே இல்லை. மூன்று மொழியும் நான்கு சமயமும் உள்ள நகரத்தில் கடை நடத்துகிறோம். சிங்களத்தில் கேட்கிறவருக்கு உங்களால் முடியாவிட்டால் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள், முகத்தைத் திருப்பாதீர்கள். பாலியல் தொந்தரவு தண்டனைச் சட்டக் கோவையின் 345ஆம் பிரிவின்படி ஐந்து வருடம் வரை சிறைத்தண்டனை கிடைக்கக்கூடிய குற்றம். தொடுவது மட்டுமல்ல, வார்த்தையும் செய்கையும் அதில் அடங்கும். செய்பவர் முகாமையாளராக இருந்தாலும், தினமும் வருகிற பெரிய வாடிக்கையாளராக இருந்தாலும், நேரே என்னிடம் அல்லது கணக்குப் பிரிவுத் தலைவியிடம் சொல்லலாம். வாயால் சொன்னால் போதும், நாங்களே எழுதிக்கொள்வோம். முறைப்பாடு செய்ததற்காக உங்களை வேறு கிளைக்கு மாற்றமாட்டோம்.

இனி லீவு. இதில்தான் கேள்விகள் நிறைய வரும்.

சேர்ந்த முதல் வருடத்தில் வருடாந்த லீவு இல்லை. சமயோசித லீவு மட்டும் உண்டு: பூர்த்தியான ஒவ்வொரு இரண்டு மாதத்துக்கும் ஒரு நாள். நீங்கள் இன்று சேர்ந்தபடியால் ஓகஸ்ட் முடிய ஒரு நாள், ஒக்டோபர் முடிய இரண்டாவது, டிசம்பர் முடிய மூன்றாவது. ஓகஸ்ட் முடியுமுன் எடுக்கும் நாள் சம்பளமில்லா நாள். இந்த இரண்டு மாதத்துக்குள் கலியாணம், கோயில் நேர்த்தி ஏதும் இருந்தால் இன்றே சொல்லுங்கள், ஓய்வு நாளைப் பொருத்தி றோஸ்டர் போட முயல்வோம்.

அடுத்த வருடம் சமயோசித லீவு 7 நாள். வருடாந்த லீவு நீங்கள் எப்போது சேர்ந்தீர்கள் என்பதைப் பொறுத்தது: ஜனவரி முதல் மார்ச் வரை சேர்ந்தவருக்கு 14, ஏப்ரல் முதல் யூன் வரை 10, யூலை முதல் செப்டெம்பர் வரை 7, அதற்குப் பிறகு 4. ஆகவே உங்களுக்கு 7 நாள். போன கிழமை சேர்ந்தவர்களுக்கு 10 கிடைக்கிறதே என்று மனக்கசப்பு வரலாம். அது சட்டம் வைத்த எல்லை, நாங்கள் வைத்ததல்ல. அதற்கடுத்த வருடத்திலிருந்து எல்லோருக்கும் 14 நாள். அந்தப் 14இல் ஏழு நாளாவது தொடர்ச்சியாக எடுக்கவேண்டும். துண்டு துண்டாக எடுத்து முடிக்காதீர்கள், உடம்புக்கு ஓய்வு வேண்டும் என்பதற்குத்தான் அந்த விதி.

சுகயீனத்துக்கென்று இந்தச் சட்டத்தில் தனி லீவு இல்லை. அந்த 7 சமயோசித நாளுக்குள்தான் காய்ச்சலும் வரும், வங்கி வேலையும் வரும். மார்ச் மாதத்துக்குள் ஏழையும் முடித்தவர்கள், மாரி மழையோடு காய்ச்சல் வரும்போது சம்பளத்தை இழக்கிறார்கள். குறைந்தது மூன்று நாளாவது ஒக்டோபருக்குப் பிறகு மிஞ்சவிடுங்கள்.

எடுக்கும் முறை: வருடாந்த லீவுக்கு இரண்டு கிழமைக்கு முன் படிவம், சமயோசித லீவுக்கு முதல்நாள். படிவம் கொடுத்ததும் லீவு கிடைத்துவிட்டதாக நினைக்கவேண்டாம், கையெழுத்தான பிரதி கையில் வரவேண்டும். திடீரெனச் சுகமில்லை என்றால் வேலை தொடங்க ஒரு மணித்தியாலம் முன்பாவது மேற்பார்வையாளருக்கு அழைப்பு எடுங்கள். வேலைசெய்யும் நண்பருக்கு வட்ஸ்அப்பில் குரல் அனுப்புவது அறிவித்தலாகாது, அவரும் அன்று லீவில் இருக்கலாம். இரண்டு நாளோ மேலோ என்றால் பதிவுபெற்ற மருத்துவரின் சான்றிதழ் வேண்டும், ஆயுர்வேத வைத்தியருடையதும் செல்லும். மழை வெள்ளத்தால் மூதூர்ப் பக்கமோ கந்தளாய்ப் பக்கமோ பஸ் ஓடாவிட்டால் அதையும் உடனே சொல்லுங்கள். சொன்னவருக்கு அந்த நாள் லீவிலிருந்து கழியும், ஒழுக்க நடவடிக்கை இருக்காது.

தகவல் இல்லாமல் மூன்று நாள் வராவிட்டால் நியமனக் கடிதத்திலுள்ள முகவரிக்குப் பதிவுத் தபாலில் கடிதம் வரும். அதற்கும் பதில் இல்லை என்றால் பதவியை நீங்களே விட்டுச் சென்றதாகக் கருதப்படும். வாடகை வீடு மாறியவர்கள் முகவரியை மாற்றித் தராததால் கடிதம் திரும்பி வருகிறது, அவர்களுக்கு அது தெரியவும் வராது. வீடு மாறினால் அதே கிழமையில் சொல்லுங்கள்.

போயா நாளில் வேலை செய்தால் ஒன்றரை மடங்கு சம்பளம். தைப்பொங்கல், மீலாத், நத்தார் போன்ற சட்டபூர்வ விடுமுறையில் வேலை செய்தால் இரட்டைச் சம்பளம் அல்லது வருட முடிவுக்குள் பதில் விடுமுறை. நோன்பு காலத்தில் இப்தாருக்கு வீடு போய்ச்சேரும்படியும், வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போகும்படியும், கோணேசர் தேருக்கு அரை நாள் கிடைக்கும்படியும் றோஸ்டர் போடப்படும். அதற்கு ஒருவர் இடத்தில் இன்னொருவர் நிற்கவேண்டும், மாறி மாறி நில்லுங்கள்.

தாய்மாருக்கு மகப்பேற்று லீவு 84 நாள், 2018 திருத்தத்திலிருந்து எத்தனையாவது குழந்தைக்கும் அதே அளவு. வாராந்த ஓய்வு, போயா, சட்டபூர்வ விடுமுறை நாட்கள் இதில் கணக்கில் வராது. கர்ப்பம் என்று தெரிந்ததும் சொன்னால் பாரம் தூக்கும் பகுதியிலிருந்து மாற்றிவிடலாம். பலர் வேலை போய்விடும் என்று பயந்து ஐந்தாம் மாதம் வரை மறைக்கிறார்கள். போகாது, சட்டம் அனுமதிக்காது, நானும் அனுமதிக்கமாட்டேன்.

தவறு நடந்தால் என்ன? முதலில் வாய்மொழி, பிறகு எச்சரிக்கைக் கடிதம். பெரிய விடயமென்றால் விளக்கம் கோரும் கடிதம், பதில் தர ஏழு நாள். பிறகு குற்றப்பத்திரிகையும் உள்ளக விசாரணையும். விசாரணைக்குச் சக ஊழியர் ஒருவரை உதவிக்கு அழைத்து வரலாம். விளக்கக் கடிதத்துக்குப் பதில் எழுதாமல் விட்டுவிடாதீர்கள். உங்கள் பக்கம் சரியென்றாலும் கோப்பில் உங்கள் குரல் இல்லாமல் போகும். முடிவு அநியாயம் என்று நினைத்தால், வேலை நீக்கப்பட்ட ஆறு மாதத்துக்குள் தொழில் நியாயசபைக்கு விண்ணப்பிக்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

சம்பளத்தில் ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம் கழியும், நிறுவனம் 12 வீதம் சேர்க்கும். நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 வீதம் நிறுவனத்துடையது. முதல் சம்பளப் பட்டியலில் இவற்றையும் அடையாள அட்டை இலக்கத்தையும் சரிபாருங்கள். ஓர் எண் பிழைத்தால் பின்னால் திருத்த மாதக்கணக்கு எடுக்கும்.

இப்போது தேநீர். அதன் பிறகு பத்தரைக்குக் கேள்விகளோடு வாருங்கள். கையெழுத்திட்ட கடைசித் தாள், அடையாள அட்டைப் பிரதி, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கப் பிரதி மூன்றும் இன்று மாலை 4 மணிக்குள் மேல்மாடி அலுவலகத்தில் சேரவேண்டும். கிண்ணியாக் கிளைக்காரருக்கு வான் 4.15க்கு வாசலில் நிற்கும்.