பொருள்: அன்று சொல்லாமல் வந்ததற்கு

அன்புள்ள கலைச்செல்வி,

இந்த மின்னஞ்சலுக்கு நீ பதில் எழுத வேண்டாம். இதை முதல் வரியிலேயே சொல்லக் காரணம் இருக்கிறது. படித்து முடித்த கையோடு ‘சரிங்க அக்கா’ என்றாவது தட்டி அனுப்பாமல் உனக்கு இருப்புக் கொள்ளாது. இந்த ஒரு முறை அந்த வழக்கத்தை விட்டுவிடு. இப்போதே முழுவதும் படிக்க வேண்டும் என்றுகூட இல்லை.

துக்க வீட்டிலிருந்து சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது என்பார்கள். 6ஆம் தேதி நாங்களும் அப்படித்தான் கிளம்பினோம். அப்பாவைத் தூக்கிக்கொண்டு போன பிறகு நீ அம்மாவுக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாய். உன் கையை ஒரு முறை பிடித்தேன், அவ்வளவுதான். கோயம்புத்தூரிலிருந்து இரவெல்லாம் வண்டியில் வந்தபோது உன்னிடம் என்ன பேசுவது என்று நானும் சுகன்யாவும் யோசித்துக்கொண்டே வந்தோம். அங்கே வந்ததும் ஒன்றும் வாயில் வரவில்லை. அன்று சொல்லாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன்.

அப்பா போனது எங்களுக்கும் வருத்தமாக இருக்கிறது. அவரை நான் ஒரே ஒரு நாள்தான் பார்த்திருக்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன் பொங்கலுக்கு மறுவாரம், ஒரு கட்டுக் கரும்போடு நம் அலுவலக வாசலில் வந்து நின்றார். உனக்கு மீட்டிங். அரை மணி நேரம் எங்கள் மேசைக்கு அருகில் உட்கார்ந்திருந்தார். உன்னைக் கூப்பிடட்டுமா என்று நான் எழுந்தபோது, “வேண்டாம்மா, கணக்குப் பார்க்கிற நேரத்தில் கூப்பிட்டால் கூட்டல் தப்பிவிடும்” என்றார். கண்டக்டராக இருந்தவருக்கு அது தெரியாமலா இருக்கும்? பிறகு டீ வந்தது. நான் எவ்வளவு தடுத்தும் கேட்காமல் டீக்காரப் பையனிடம் சட்டைப் பையிலிருந்து சரியான சில்லறையை எண்ணாமலே எடுத்துக் கொடுத்தார். விரல்களுக்கே எண்ணத் தெரியும் போலிருந்தது.

இதை எழுதக் காரணம் உண்டு. முதல் நாள் இரவு எட்டு மணிக்கு அப்பா கூப்பிட்டபோது, தணிக்கை வேலையில் இருந்ததால் ‘அப்புறம் பேசுகிறேன்’ என்று வைத்துவிட்டதாக நீ திரும்பத் திரும்பச் சொல்லி அழுதாய். ‘அதையெல்லாம் நினைக்காதே’ என்று பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள். நினைக்காமல் இருக்க முடியாது என்று எனக்குத் தெரியும், அதனால் அதை நான் சொல்லப் போவதில்லை. ஆனால் வேலை நேரத்தில் மகளைக் கூப்பிடக் கூடாது என்று அரை மணி நேரம் காத்திருந்த மனிதர் அவர். ‘அப்புறம்’ என்று நீ சொன்னதை அவர் எப்படி எடுத்துக்கொண்டிருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இன்னொன்று. அன்று பந்தலில் எனக்கு அடுத்த நாற்காலியில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். வடுவூர்க்காரர் இல்லை, தஞ்சாவூர்ச் சாலையில் எங்கோ இடையில் ஒரு ஊர் என்றார். உங்களுக்கு உறவும் இல்லை. அவர் சொன்னது: சில்லறை இல்லாத நாளில் கண்டக்டர்கள் டிக்கெட்டின் பின்னால் பாக்கியை எழுதிக் கொடுப்பார்கள், இறங்கும் அவசரத்தில் நம்மில் பாதிப் பேர் அதை மறந்துவிடுவோம், கண்டக்டருக்கும் அது வசதிதான். உன் அப்பா அப்படி விட மாட்டாராம். இறங்கிப் போகிறவரை ஜன்னல் வழியாகக் கூப்பிட்டு எட்டணாவைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் விசில் ஊதுவாராம். ஒரு முறை மறுநாள் அதே நிறுத்தத்தில் தேடிக் கொடுத்தாராம். “அதனால்தான் வந்தேன்” என்று சொல்லிவிட்டு அவர் எழுந்து போய்விட்டார். கூட்டத்தில் உன்னிடம் அவர் பேசியிருக்க மாட்டார் என்று தோன்றியது. உன்னிடம் சேர்க்க வேண்டியது என்று வைத்திருந்தேன்.

அம்மாவின் வளையலை உடைப்பது, பொட்டை அழிப்பது எதுவும் வேண்டாம் என்று பெரியவர்களிடம் நீ பேசியதையும் கேட்டேன். உன் பெரியப்பா முகம் மாறியதைப் பார்த்தேன். பதினாறாம் நாள் பேச்சு திரும்ப எழலாம். நீ சொன்னது சரி. தம்பியையும் முன்கூட்டியே உன் பக்கம் பேச வைத்துக்கொள். அம்மாவிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடு, அவருக்கு என்ன விருப்பம் என்பதுதான் முக்கியம்.

இனி அலுவலகம். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், நீ கவலைப்படுவாய் என்பதற்காக மட்டும்.

ஜிஎஸ்டிஆர்-1 நேற்று, 11ஆம் தேதி, தாக்கல் ஆகிவிட்டது. பிஎஃப் கட்டுவதற்கு 15 வரை நேரம் இருக்கிறது, சுகன்யா நாளையே முடிக்கிறாள். 3பி-யை முத்துக்குமார் 18ஆம் தேதிக்குள் போட்டுவிடுவார், கடைசி நாளான 20 வரை வைத்திருக்கப் போவதில்லை. தணிக்கைக்காரர்கள் கேட்ட நூல் இருப்புப் பட்டியலை உன் மேசையின் இரண்டாவது இழுப்பறையிலிருந்து எடுத்துக்கொண்டோம். உன்னைக் கேட்காமல் திறந்ததற்கு மன்னித்துக்கொள். உள்ளே இருந்த கடலை மிட்டாயை யாரும் தொடவில்லை.

விடுப்பு பற்றி மேலாளரிடம் பேசிவிட்டேன். 24ஆம் தேதி வரை நீ வர வேண்டியதில்லை. சம்பளப் பிடித்தம் கிடையாது. நான் வாய்ப்பேச்சை நம்புகிறவள் இல்லை என்பதால் எழுத்தில் வாங்கி உன் கோப்பில் வைத்திருக்கிறேன். அதற்கு மேலும் வேண்டுமென்றால் ஒரு வார்த்தை சொன்னால் போதும், விண்ணப்பத்தை நான் எழுதிக்கொள்கிறேன்.

சீக்கிரம் வந்துவிட்டால் மனம் மாறும் என்று யாராவது சொல்லக்கூடும். என் அம்மா இறந்தபோது நானும் அப்படி நம்பி ஐந்தாம் நாளே வந்து உட்கார்ந்தேன். அன்று ஒரு லட்சத்து எண்பதாயிரத்தைப் பதினெட்டாயிரம் என்று பதிந்துவிட்டு, வித்தியாசத்தைத் தேடி மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். அதைவிடக் கொடுமை, வருகிறவர்கள் எல்லாம் ‘எப்படி ஆச்சு?’ என்று கேட்டது. ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். மதியத்துக்குள் என் அம்மாவின் சாவே எனக்கு ஒப்பிக்கிற பாடம்போல ஆகிவிட்டது. நீ திரும்பி வரும் நாளில் அந்தக் கேள்வியை யாரும் கேட்கக் கூடாது என்று இங்கே சொல்லி வைத்திருக்கிறேன். நீயாகப் பேசினால் கேட்போம், பேசாவிட்டால் வேலையைப் பார்ப்போம்.

காகித வேலைகளில் இப்போதைக்கு ஒன்றுக்கு மட்டும் கெடு இருக்கிறது. இறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும், அதாவது 25ஆம் தேதிக்கு முன் முடித்துவிடுவது நல்லது. அப்பா வீட்டிலேயே போனதால் மருத்துவமனை பதிந்திருக்கும் என்று இருந்துவிட முடியாது, வீட்டார்தான் கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்ல வேண்டும். தம்பி போய் வரட்டும். ஒன்றை மட்டும் அவனிடம் அழுத்திச் சொல். அப்பாவின் பெயர் ஆதாரில் கோவிந்தராசு என்றும் ஓய்வூதியக் காகிதங்களில் கோவிந்தராஜன் என்றும் இருப்பதாக நீ முன்பு ஒரு முறை புலம்பியது நினைவிருக்கிறது. பதியும்போதே இதை அலுவலரிடம் காட்டிக் கேட்டு எழுதச் சொல். சான்றிதழில் ஓர் எழுத்து மாறினாலும் பிறகு அம்மாவின் குடும்ப ஓய்வூதியம், வங்கி, வாரிசுச் சான்று என்று ஒவ்வொரு இடத்திலும் அந்த எழுத்துக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். சான்றிதழில் நாலைந்து நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவின் ஏடிஎம் அட்டை யாரிடமாவது இருந்தால், அதில் பணம் எடுக்க வேண்டாம். செலவு நெருக்கும்போது கை போகும், தப்பாக நினைத்து யாரும் செய்வதில்லை. ஆனால் இறந்த தேதிக்குப் பிந்தைய ஓய்வூதியம் கணக்கில் ஏறியிருந்தால் அதைத் திருப்பிக் கட்டச் சொல்வார்கள். வங்கிக்கும் போக்குவரத்துக் கழகத்துக்கும் தகவல் சொன்ன பிறகு மற்றதைப் பார்க்கலாம். வாரிசுச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம், அது காரியம் முடிந்த பிறகு போதும். படிவங்களை நிரப்புகிற வேலையை என்னிடம் அனுப்பிவிடு. எனக்கு அது பிடித்த வேலை என்பது உனக்கே தெரியும், நீ கேலி செய்திருக்கிறாய்.

தம்பியிடம் கொடுத்த உறை நம் பிரிவில் எல்லாருமாகச் சேர்த்தது. அதை மொய் நோட்டில் ஏற்ற வேண்டாம் என்று அவனிடம் சொன்னேன், அவன் தலையாட்டிய விதத்தைப் பார்த்தால் ஏற்றியிருப்பான் போலிருக்கிறது. யார் யார் எவ்வளவு என்று நீ கேட்காதே, நாங்களும் எழுதி வைக்கவில்லை. இது திருப்பிச் செய்ய வேண்டிய கணக்கில்லை.

சிங்காநல்லூர் வீட்டுச் சாவி சுகன்யாவிடம் இருக்கிறது. துளசிக்கும் மற்ற தொட்டிகளுக்கும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் ஊற்றுகிறாள். பால்காரரை 24 வரை நிறுத்தச் சொல்லியாயிற்று. மின்கட்டணம் கட்டிவிட்டேன். யாழினியின் வகுப்பாசிரியையிடம் பேசினேன். பாடங்களை அவளுடைய தோழியின் அம்மா படம் எடுத்து அனுப்பிக்கொண்டிருக்கிறார், வந்த பிறகு எழுதிக்கொண்டால் போதுமாம். தாத்தாவின் விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அவள் திண்ணையில் உட்கார்ந்திருந்தது கண்ணிலேயே நிற்கிறது. அவளை அதை ஊதக் கூடாது என்று யாரோ அதட்டினார்கள். ஊதட்டும், விடு.

நீ சாப்பிடு. இரவில் தூக்கம் வராமல் யாரிடமாவது பேச வேண்டும் போலிருந்தால், மணி பார்க்காமல் என்னைக் கூப்பிடு. நான் எப்படியும் இரண்டு மணி வரை விழித்துக்கொண்டுதான் இருக்கிறேன், வயது அப்படி. பேச ஒன்றும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, போனை வைத்துக்கொண்டு சும்மா இருக்கலாம்.

20ஆம் தேதி காரியத்துக்கு நானும் சுகன்யாவும் வருகிறோம். 19 இரவு செம்மொழி எக்ஸ்பிரஸில் டிக்கெட் எடுத்தாயிற்று. மன்னார்குடி ஸ்டேஷனுக்கு யாரையும் அனுப்பாதே. தஞ்சாவூர் போகிற பஸ்ஸில் ஏறி வடுவூரில் இறங்கிக்கொள்கிறோம். சில்லறை சரியாக எடுத்து வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
வசந்தா அக்கா
கணக்குப் பிரிவு