நீர்ப்பாசனம், 4 ஆம் டியூட்: இடைவெளி நிரப்பின முழுக்குறிப்பு

மச்சான்,

நீ ஒட்டுசுட்டானில அருவிவெட்டில நிண்ட வியாழக்கிழமைதான் சேர் இந்த டியூட்டை முடிச்சவர். பாடம் முடிய, தான் கையால நிரப்பின பிரதியை மேசையில வைச்சு "போட்டோ எடுங்கோ" எண்டார். நான் எடுத்த நாலு படத்தையும் உனக்கு அனுப்பினால் நீ வாசிக்கமாட்டாய். ரெண்டாம் பக்கத்தில காத்தாடியின்ர நிழல் விழுந்திருக்கு, மூண்டாம் பக்கத்தின்ர வலது ஓரம் வெட்டுப்பட்டிருக்கு. அதால முழுசாய் எழுதித் தாறன்.

அச்சில இருந்ததையும் சேர் பேனையால எழுதின விடையையும் சேர்த்தே எழுதியிருக்கிறன். "என் சொல்" எண்டு தொடங்கிற இடமும் அடைப்புக்குள்ள இருக்கிறதும் மட்டும் நான் சேர்த்தது, அதைச் சோதினையில எழுதிப்போடாதை. சேரின்ர 4 மேல திறந்து 9 மாதிரித் தெரியும். எங்க சந்தேகம் வந்துதோ அங்க கணக்கைச் செய்து பார்த்துத்தான் எழுதினனான்.

1. மண் எவ்வளவு நீரைப் பிடித்து வைக்கும்?

நல்ல மழைக்குப் பின் மண்ணின் துளைகள் எல்லாம் நீரால் நிறைந்திருக்கும் நிலை நிரம்பல் நிலை. பெரிய துளைகளில் உள்ள நீர் புவியீர்ப்பினால் கீழே வடிந்துவிடும். வடிந்தோடுவது ஏறக்குறைய நின்ற பின் மண்ணில் எஞ்சும் நீரின் அளவே வயற்கொள்ளளவு. இந்நிலையில் மண் நீரை ஏறத்தாழ -33 கிலோபாஸ்கல் அழுத்தத்தில் பிடித்திருக்கும். வேர் தொடர்ந்து உறிஞ்ச உறிஞ்ச மீதி நீரை மண் இன்னும் இறுக்கிப் பிடிக்கும். -1500 கிலோபாஸ்கலில் பயிர் வாடும். இரவில் ஈரக்காற்றில் வைத்தாலும் மீளாது. அது நிரந்தர வாடற்புள்ளி. இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட நீரே பயிருக்குக் கிடைக்கக்கூடிய நீர்.

என் சொல்: சேர் "வ.கொ.", "நி.வா.பு." எண்டு சுருக்கித்தான் எழுதியிருக்கிறார். சோதினையில முழுச்சொல் எழுதவேணும் எண்டு வாயால சொன்னவர். 1500 க்கு முன்னால இருக்கிற கழித்தல் குறி படத்தில அழிஞ்சமாதிரி இருக்கு. அது இல்லாட்டி விடை பிழை.

வன்னியில் மேட்டு நிலத்தில் பெரும்பாலும் நன்கு வடியும் செங்கபில மண் காணப்படும். பள்ளத்துக்குப் போகப்போக வடிகால் குறைந்து, அடியில் தாழ் இயூமிக் கிளே மண் வரும். குளத்துக்குக் கீழே வயலும் மேட்டில் தோட்டமும் அமைந்ததற்கு இதுவே முக்கிய காரணம். நெல்லுக்குத் தேங்கும் நீர் வேண்டும், கச்சானுக்கும் மிளகாய்க்கும் காற்றோட்டம் வேண்டும்.

2. ஈரப்பதத்தை அளத்தல்

மண் மாதிரியை நிறுத்து, 105 பாகை செல்சியசில் 24 மணித்தியாலம் அடுப்பில் உலர்த்தி, மறுபடி நிறுக்க வேண்டும். வயற்கொள்ளளவில் எடுத்த மாதிரியின் ஈர நிறை 144 கிராம், உலர் நிறை 120 கிராம். நீரின் நிறை 24 கிராம். இதை உலர் நிறையால் பிரிக்க வேண்டும், ஈர நிறையால் அல்ல. ஆகவே நிறைப்படி ஈரப்பதம் 20 வீதம். மண்ணின் தோற்ற அடர்த்தி 1.4 ஆக இருந்தால் கனவளவுப்படி 20 × 1.4 = 28 வீதம். இதே மண்ணின் வாடற்புள்ளி நிறைப்படி 10 வீதம், கனவளவுப்படி 14 வீதம்.

என் சொல்: இந்த 14 ஐ நான் முதல்ல 19 எண்டுதான் வாசிச்சனான். ஆனால் 10 × 1.4 எண்டால் 14 தான் வரும். அடுத்த பக்கத்தில வாற 84 உம் 14 இல இருந்துதான் வருது. "உலர் நிறையால்" எண்டதுக்குக் கீழ சேர் ரெண்டு கோடு போட்டிருக்கிறார். ஒவ்வொரு வருசமும் பாதிப் பேர் அதில பிழைவிடுகினம் எண்டார்.

3. எப்போது பாய்ச்சுவது, எவ்வளவு பாய்ச்சுவது?

உதாரணப் பயிர்: கச்சான், பூத்துக் காய் பிடிக்கும் நடுப்பருவம். வேர்வலயத்தின் ஆழம் 60 சென்ரிமீற்றர், அதாவது 600 மில்லிமீற்றர்.

கிடைக்கக்கூடிய நீர் = (0.28 - 0.14) × 600 = 84 மில்லிமீற்றர்.

இதை முழுவதும் தீரவிட்டுப் பாய்ச்சக்கூடாது. வாடற்புள்ளிக்குக் கிட்டப் போகும்போதே பயிரின் வளர்ச்சி குன்றிவிடும். கச்சானுக்குப் பாதியை எடுக்க விடலாம். ஆகவே ஒருமுறை பாய்ச்ச வேண்டிய ஆழம் 42 மில்லிமீற்றர்.

நாளாந்த நீர்த்தேவை, மண்ணிலிருந்து ஆவியாவதையும் இலையிலிருந்து ஆவியுயிர்ப்பால் போவதையும் சேர்த்த அளவு. அதற்கான சமன்பாடு:

```
ETc = Kc × ETo
```

இதில் ETo என்பது வானிலைத் தரவுகளிலிருந்து, நன்கு நீரூட்டிய புல் நிலத்துக்குக் கணித்த உசாத்துணைப் பெறுமானம். Kc என்பது பயிர்க் குணகம். பயிருக்குப் பயிர் மட்டுமல்ல, பருவத்துக்குப் பருவமும் அது மாறும். கச்சானுக்குத் தொடக்கத்தில் 0.4, நடுப்பருவத்தில் 1.15, முதிர்வில் 0.6.

ETo 5 மில்லிமீற்றர் என்றால், நாளாந்தத் தேவை 1.15 × 5 = 5.75 மில்லிமீற்றர். பாய்ச்சல் இடைவெளி 42 ÷ 5.75 = 7.3. எனவே 7 நாளுக்கு ஒருமுறை பாய்ச்ச வேண்டும்.

என் சொல்: இந்த இடத்தில சேர் முதல்ல 8 எண்டு எழுதி வெட்டிப்போட்டு 7 எழுதியிருக்கிறார். எனக்கு விளங்காமல் அடுத்த நாள் போய்க் கேட்டனான். போன வருச டியூட்டில பயிர் மிளகாய், அதின்ர நடுப்பருவக் குணகம் 1.05. அப்ப 42 ÷ 5.25 சரியாய் 8. பழைய விடை கையில வந்திட்டுது எண்டார். இன்னுமொண்டும் சொன்னவர்: 7.3 வந்தாலும் 7.9 வந்தாலும் கீழ்ப்பக்கம்தான் முழுமைப்படுத்தவேணும். எட்டாம் நாள்வரை பார்த்துக்கொண்டு நிண்டால் அனுமதிச்ச பாதியைத் தாண்டிப் பயிர் இழுத்திருக்கும். சாதாரண கணக்கில .5 க்கு மேல எண்டால் கூட்டுவம், இதில கூட்டக்கூடாது. எனக்கு இந்தப் பாடத்தில மிகவும் பிடிச்ச இடம் இதுதான்.

ஒரு ஏக்கர் 4047 சதுர மீற்றர். (அச்சில 4000 எண்டு இருந்தது, சேர் வெட்டித் திருத்தினவர். உன்ர பிரதியிலும் திருத்து.) தேவையான நீரின் கனவளவு 0.042 × 4047 = 170 கனமீற்றர்.

ஆனால் விட்ட நீர் எல்லாம் வேருக்குப் போகாது. வாய்க்காலில் கசியும், சாலின் தலைப்பில் ஆழமாக இறங்கும், கடையில் வழிந்தோடும். சால்முறையின் வினைத்திறன் 60 வீதம் எனக் கொண்டால், விட வேண்டிய நீர் 170 ÷ 0.6 = 283 கனமீற்றர். சொட்டுநீர்ப் பாசனத்தில் வினைத்திறன் 90 வீதமாகும்போது அதே ஏக்கருக்கு 189 கனமீற்றர் போதும். ஒரு தடவையில் மிச்சம் 94 கனமீற்றர்.

என் சொல்: வெட்டுப்பட்ட ஓரத்தில போனது இந்த 94 தான். 283 இல இருந்து 189 ஐக் கழிச்சு எழுதி, சேரிட்டயும் காட்டிச் சரிபார்த்திட்டன். மணித்தியாலத்துக்கு 30 கனமீற்றர் இறைக்கிற மெசின் எண்டால் சால்முறைக்கு ஒன்பதரை மணித்தியாலம் ஓடவேணும், சொட்டுமுறைக்கு ஆறே கால் காணும். மண்ணெண்ணெய்க் காசை யோசிச்சுப் பார்.

4. குளத்து நீரைப் பங்கிடல்

குளத்தின் உறுப்புகள்: நீரைத் தடுப்பது குளக்கட்டு, வயலுக்கு நீர் திறப்பது துருசு, மிகை நீர் வெளியேறுவது வான், கட்டுக்கு எதிர்ப்புறம் நீர் ஏறி இறங்கும் தாழ்ந்த நிலம் அலைகரை. இரணைமடுக் குளத்துக்கு நீர் கொண்டுவருவது கனகராயன் ஆறு. அது சுண்டிக்குளம் கடல்நீரேரியில் விழும். வவுனிக்குளம் பாலியாற்றில் கட்டப்பட்டது. மன்னார்க் கட்டுக்கரைக் குளத்துக்கு அருவியாற்று நீர் தேக்கம் அணையிலிருந்து வாய்க்கால் வழியே வருகிறது. சிறு குளங்கள் தொடராக இருக்கும் இடத்தில் மேற்குளத்தின் வான் நீரும் வயலில் கழியும் நீரும் கீழ்க்குளத்துக்குப் போய்ச் சேரும்.

நீரின் அளவை ஏக்கரடியில் சொல்வர். ஒரு ஏக்கர் பரப்பில் ஓரடி ஆழத்துக்கு நிற்கும் நீர் ஒரு ஏக்கரடி. அது ஏறத்தாழ 1233 கனமீற்றர்.

பயிற்சி: சிறுபோகத் தொடக்கத்தில் ஒரு குளத்தில் 1500 ஏக்கரடி நீர் உண்டு. துருசுக்குக் கீழே நின்று வெளியே வராதது 100. நீர் நிற்கும் பரப்பு சராசரி 120 ஏக்கர். நாளுக்கு 5 மில்லிமீற்றர் ஆவியானால் 90 நாளில் 450 மில்லிமீற்றர், அதாவது ஏறக்குறைய ஒன்றரை அடி. இழப்பு 180 ஏக்கரடி. மாடு குடிக்கவும் சனம் குளிக்கவும் 20 ஒதுக்கினால் பாசனத்துக்கு எஞ்சுவது 1200 ஏக்கரடி. நெல்லுக்கு ஏக்கருக்கு 4 ஏக்கரடி என்றால் 300 ஏக்கர் செய்யலாம். 2 ஏக்கரடியில் முடியும் மேட்டுப்பயிர் என்றால் 600 ஏக்கர்.

கடைசி வினா: "குளத்தின் கீழ் 600 ஏக்கர் காணி உள்ளது. எல்லோரும் நெல் விதைக்கக் கேட்கிறார்கள். பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் நீங்கள் என்ன முன்வைப்பீர்கள்?" சேரின் விடை: பாதிக் காணியில் மட்டும் நெல்லை அனுமதித்து, அந்தப் பாதியை எல்லாக் காணிக்காரருக்கும் பங்கு பிரிக்கலாம். அல்லது வடிகால் உள்ள மேட்டுப் பக்கம் கச்சான், பயறு, உழுந்து போட்டு, பள்ளத்தில் மட்டும் நெல் செய்யலாம். எதைத் தெரிந்தாலும் துருசு திறக்கும் திகதியும் பூட்டும் திகதியும் விதைப்புக்கு முன்பே எழுத்தில் இருக்க வேண்டும்.

என் சொல்: ரெண்டாவது வழிக்குச் சேர் கணக்கு எழுதேல்லை. நான் போட்டுப் பார்த்தன். 200 ஏக்கர் நெல்லுக்கு 800 ஏக்கரடி போனால், மிஞ்சிற 400 இல 200 ஏக்கர் மேட்டுப்பயிர். மொத்தம் 400 ஏக்கர் பச்சையாகும், 200 ஏக்கர் சும்மா கிடக்கும். அந்த 200 ஆற்ற காணி எண்டதிலதான் கூட்டத்தில சத்தம் வரும். உங்கட அப்பா இத்தனை வருசம் சிறுபோகக் கூட்டங்களுக்குப் போனவர், அவரிட்டக் கேட்டு எழுதிக்கொண்டு வா. செவ்வாய்க்கிழமை இந்த வினாவைத்தான் வகுப்பில கதைக்கப்போறம்.