பயிற்சித்தாள் 4: யாரைக் கேட்டோம், யார் விடுபட்டார்கள்?

சமூக அறிவியல் மாணவர்களுக்கான புள்ளியியல்

இந்தத் தாள் முழுக்க ஒரே கற்பனைக் கருத்துக்கணிப்புதான். ஒரு கல்லூரியில் 2,400 மாணவர்கள்: இளங்கலை 1,800, முதுகலை 480, ஆய்வு மாணவர்கள் 120. இவர்களில் எத்தனை விழுக்காட்டினர் பகுதிநேர வேலை பார்க்கிறார்கள் என்று தெரியவேண்டும். 200 பேரைத்தான் கேட்க முடியும்.

அ. 200 பேரை எப்படி எடுப்பது?

எளிய சமவாய்ப்பு மாதிரி: 2,400 பெயருக்கும் எண் கொடுத்து, கணினி தரும் 200 சமவாய்ப்பு எண்களுக்கு உரியவர்களை எடுக்கிறோம். எல்லாருக்கும் ஒரே வாய்ப்பு. ஆனால் பட்டியல் முழுமையாக இருக்கவேண்டும். சென்ற ஆண்டுப் பட்டியலை வைத்துக்கொண்டால் புதிதாகச் சேர்ந்தவர் ஒருவர்கூட உள்ளே வரமாட்டார்.

முறைசார் மாதிரி: 2400/200 = 12. முதல் 12 பேரில் ஒருவரைக் குலுக்கி எடுத்து, அங்கிருந்து பன்னிரண்டு பன்னிரண்டாகத் தாண்டிப் போகவேண்டும். ஏழில் தொடங்கினால் 7, 19, 31… வேலை சுலபம். பட்டியலில் ஏதாவது ஒழுங்கு ஒளிந்திருந்தால் மட்டும் சிக்கல் (கேள்வி 1).

படுகை மாதிரி: மூன்று பிரிவுகளிலும் தனித்தனியே, அவற்றின் அளவுக்கேற்ப 150, 40, 10 பேர். வேலை பார்க்கும் வழக்கம் பிரிவுக்குப் பிரிவு மாறும் என்பதால் இங்கே நான் தேர்ந்தெடுப்பது இதைத்தான். ஆனாலும் 10 பேரை வைத்து ஆய்வு மாணவர்களைப் பற்றித் தனியாக எதுவும் சொல்ல முடியாது.

கொத்து மாதிரி: தலா 40 பேர் கொண்ட 60 வகுப்புகளில் ஐந்தைக் குலுக்கி எடுத்து, அவற்றில் எல்லாரையும் கேட்பது. அலைச்சல் குறைவு. ஒரே வகுப்பில் இருப்பவர்களுக்கு ஒரே கால அட்டவணை, அதனால் பதில்களும் ஒன்றுபோல இருக்கும். இந்த 200 பேர் தரும் தகவல், சிதறலாக எடுத்த 200 பேர் தருவதைவிடப் பெரும்பாலும் குறைவு.

வசதி மாதிரி: மாலையில் நூலகத்தில் உட்கார்ந்திருப்பவர்களைக் கேட்பது. மாலையில் வேலைக்குப் போகிறவர் அந்த நேரத்தில் நூலகத்தில் எப்படி இருப்பார்? நாம் தேடுகிற ஆளே விடுபட்டுப் போகிறார்.

ஆ. எண்ணிக்கை கூடினால் சரியாகிவிடுமா?

தற்செயலால் வரும் பிழை குறையும். 95% நம்பிக்கையில் அதன் அளவு தோராயமாக 1/√n. 200 பேருக்கு 7 விழுக்காட்டுப் புள்ளி, 800 பேருக்கு 3.5. சாய்வு மட்டும் அப்படியே நிற்கும். நூலகத்தில் 2,000 பேரைக் கேட்டாலும் அது நூலகத்தின் பதில்தான்.

1936 அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தல் இதற்குப் பெரிய சான்று. லிட்டரரி டைஜஸ்ட் இதழ் சுமார் ஒரு கோடி பேருக்கு வாக்குச்சீட்டு அனுப்பி, 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பதில்களைப் பெற்று, லாண்டன் வெல்வார் என்றது. ரூஸ்வெல்ட் ஏறக்குறைய 61% வாக்குகளுடன் வென்றார். தொலைபேசி வைத்திருந்தவர்கள், கார் வைத்திருந்தவர்கள் போன்றோரின் பட்டியல்களிலிருந்து பெயர்களை எடுத்திருந்தார்கள். பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் அது வசதியானவர்கள் பக்கம் சாய்ந்த பட்டியல். அதோடு, சீட்டு வந்தவர்களில் நான்கில் ஒருவர் அளவுக்குத்தான் பதில் போட்டார்கள். அவர்களில் லாண்டனை விரும்பியவர்கள் அதிகம். பட்டியல் சாய்வும் பதில் தராமையும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டன.

இ. சரியான ஆளிடம் தவறாகக் கேட்டால்?

“படிப்பைக் கெடுக்கும் பகுதிநேர வேலை எதுவும் பார்க்கிறீர்களா?” என்று கேட்டால் ‘இல்லை’ என்ற பதிலைக் கேள்வியே வாயில் ஊட்டுகிறது. “கடந்த ஏழு நாட்களில் சம்பளத்துக்காக ஒரு மணி நேரமாவது வேலை பார்த்தீர்களா?” என்பது பரவாயில்லை: காலம் தெளிவு, செயல் தெளிவு, தீர்ப்பு இல்லை. அப்புறம், யார் கேட்கிறார் என்பதும் முக்கியம். வகுப்பாசிரியர் கை தூக்கச் சொன்னால் சிலர் மறைப்பார்கள்.

கேள்விகள்

1. பெயர்ப்பட்டியல் 12 பேர் கொண்ட குழுக்களாக இருக்கிறது. ஒவ்வொரு குழுவிலும் முதல் பெயர் குழுத்தலைவருடையது. முறைசார் மாதிரி 1இல் தொடங்கினால் யாரெல்லாம் வருவார்கள்? விடை எந்தப் பக்கம் சாயக்கூடும்?

2. சமவாய்ப்பாக எடுத்த 200 பேரில் 120 பேர் பதில் தந்தனர். 48 பேர் வேலை பார்க்கிறார்கள். 40% என்று எழுதிவிடலாமா? பதில் தராத 80 பேரும் வேலை பார்ப்பவர்களாக இருந்தால் மாதிரியின் விழுக்காடு எவ்வளவு, ஒருவரும் இல்லையென்றால் எவ்வளவு? (64%, 24% வரவேண்டும்.) உண்மை எந்த முனைக்கு அருகில் இருக்கும் என்று நினைக்கிறீர்கள், ஏன்?

3. ஆய்வு மாணவர்களைத் தனியாக அறிய 120, 40, 40 என்று எடுத்தோம். வேலை பார்ப்பவர்கள் முறையே 48, 10, 4. அப்படியே கூட்டினால் 62/200 = 31%. பிரிவுகளின் உண்மையான பங்கை (0.75, 0.20, 0.05) எடையாகக் கொடுத்து மறுபடி கணக்கிடுங்கள். 35.5% வரும். வேறுபாடு எங்கிருந்து வந்தது?

4. இதே கணிப்பை மாணவர் வாட்ஸ்அப் குழுவில் இணைப்பாகப் போட்டு 900 பதில்கள் வந்தன. இதில் விடுபடக்கூடிய மூன்று வகையினரை எழுதி, ஒவ்வொருவரும் விடுபடுவதால் விடை கூடுமா குறையுமா என்று காரணத்துடன் சொல்லுங்கள்.