அப்பாவின் தேக்குக் கட்டிலைக் கழற்றிப் பூட்டும் முறை

ஞாயிறு காலை உதவிக்கு வரும் சித்தப்பா, மாமா, தம்பிகள் அனைவருக்கும்:

நான் புது வீட்டில் இருப்பேன் என்பதால் எழுதித் தருகிறேன். அன்று இரவே அப்பா இந்தக் கட்டிலில்தான் படுக்க வேண்டும். குறைந்தது மூன்று பேர் வேண்டும். 13 எண் ஸ்பேனர், பெரிய திருப்புளி, சாக்பீஸ், பழைய போர்வைகள் ஆகியவை சமையலறை மேடையில் உள்ள நீலப் பையில் இருக்கின்றன.

கழற்றும்போது

மெத்தையையும் இரண்டு பிளைவுட் பலகைகளையும் எடுத்துவிட்டு, நடுச்சட்டத்தைத் தூக்கி எடுங்கள். போல்ட்டைத் தொடுவதற்கு முன் நான்கு மூலைகளுக்கும் சாக்பீஸால் எண் போடுங்கள். காலிலும் அதில் சேரும் சட்டத்திலும் ஒரே எண்ணை உட்பக்கமாக எழுத வேண்டும். பக்கச்சட்டங்கள் இரண்டும் பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் துளைகள் இடம் மாறினால் பொருந்தாது.

மூலைக்கு இரண்டாக மொத்தம் 8 போல்ட்டுகள். நட்டு, சட்டத்தின் உட்பக்கக் குழியில் இருக்கிறது. போல்ட்டோடு சேர்ந்து அதுவும் சுற்றினால் திருப்புளி நுனியால் அழுத்திப் பிடியுங்கள். முதலில் எட்டையும் சற்றுத் தளர்த்திக்கொண்டு, பிறகு ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். அப்போது ஒருவர் தலைமாட்டுப் பலகையை விடாமல் பிடித்திருக்க வேண்டும். அது மிகவும் கனம்; சாய்ந்தால் கால் நசுங்கும்.

சட்டம் இறுகியிருந்தால் சுத்தியலால் அடிக்கவே கூடாது. சென்ற முறை வீடு மாறியபோது அப்படி அடித்துத்தான் தலைமாட்டு இடது காலில் விரிசல் விழுந்தது. இரண்டு கைகளாலும் மேலும் கீழும் மெல்ல அசைத்தால் கழன்றுவரும். போல்ட், நட்டு, வாஷர் அனைத்தையும் உடனே துணிப்பையில் போட்டுக் கட்டி, சித்தப்பா தம் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளட்டும்.

வண்டியில்

கட்டிலைக் கடைசியாக ஏற்றுங்கள், அப்போதுதான் முதலில் இறங்கும். தலைமாட்டுப் பலகையைப் படுக்கப் போடாமல் போர்வை சுற்றி நிறுத்தி வையுங்கள். கயிறு செதுக்கு வேலையின்மேல் படக் கூடாது. மழை வந்தால் தார்ப்பாயால் முழுவதும் மூடுங்கள். ஈரம் ஏறினால் மரம் உப்பித் துளை சேராது.

பூட்டும்போது

கட்டில் நிற்கப் போகும் இடத்திலேயே பூட்டுங்கள். பூட்டியபின் இழுத்தால் மூட்டு ஆடிவிடும். தலைமாடு தெற்கே இருக்க வேண்டும் என்பது அப்பாவின் விருப்பம். எண்ணுக்கு எண் சேர்த்து, எட்டுப் போல்ட்டுகளையும் முதலில் கையால் மட்டும் திருகுங்கள். மரையில் கொஞ்சம் மெழுகு தடவினால் எளிதாக ஏறும். ஒரு மூலையை மட்டும் முதலில் இறுக்கிவிட்டால் எதிர்மூலையின் துளை நேருக்கு வராது.

பிறகு நாடாவால் மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். இரண்டு அளவும் சமமாக இருந்தால் சட்டம் கோணவில்லை என்று பொருள். அதன் பிறகே ஸ்பேனரால் இறுக்குங்கள். வாஷர் மரத்தில் புதையுமளவுக்கு வேண்டாம். நடுச்சட்டத்தின் கால் தரையில் பதிந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிட்டுப் பிளைவுட்டைப் போடுங்கள்.

மாமா ஒருமுறை உட்கார்ந்து பார்க்கட்டும். கிறீச்சென்று சத்தம் வந்தால் அந்த மூலையை மறுபடி இறுக்குங்கள். ஒரு வாரம் கழித்து எட்டையும் நானே இன்னொரு முறை இறுக்கிக்கொள்கிறேன். ஸ்பேனரைக் கட்டிலுக்கு அடியிலேயே விட்டுச் செல்லுங்கள்.