ஓடைத் தடுப்பணை: ஊர்க் குழுவுக்கு ஒரு விளக்கம்

குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். போன வாரம் எல்லோரும் சேர்ந்து ஓடையை மேலிருந்து கீழ் வரை நடந்து பார்த்தோம். வழியில் நீங்கள் கேட்ட கேள்விகளுக்கு நின்ற இடத்தில் முழுதாகப் பதில் சொல்ல முடியவில்லை. அதனால் எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். வாசித்து முடித்ததும், பார்த்த மூன்று இடங்களில் தடுப்பணையை எங்கே கட்டுவது என்று முடிவு செய்வோம்.

முதலில், தடுப்பணையை ஒரு குட்டி ஏரியாக நினைக்க வேண்டாம். கணக்கைப் பாருங்கள். நம் ஓடையின் அடிமட்டம் 100 மீட்டருக்கு 1 மீட்டர் சரிகிறது. 1 மீட்டர் உயரத்தில் சுவர் எழுப்பினால் தண்ணீர் பின்னால் 100 மீட்டர் தூரம் நிற்கும். சுவர் ஓரத்தில் 1 மீட்டர் ஆழம். மேலே போகப் போக ஆழம் குறைந்து ஒன்றுமில்லாமல் முடியும். ஓடையின் அகலம் சராசரியாக 8 மீட்டர் என்றால் தேங்குவது 400 கன மீட்டர், அதாவது 4 லட்சம் லிட்டர். கேட்கப் பெரிதாக இருக்கிறது. ஆனால் ஒரே ஒரு ஏக்கரில் 10 சென்டிமீட்டர் உயரத்துக்குப் பாய்ச்சினால் அவ்வளவும் தீர்ந்துபோகும்.

அப்படியானால் எதற்குக் கட்ட வேண்டும்? தேங்கிய தண்ணீர் மணலுக்குள் இறங்கும். அடுத்த மழைக்கு மறுபடி நிறையும், மறுபடி இறங்கும். ஒரு மழைக்காலத்தில் ஐந்து முறை இப்படி நடந்தால் 20 லட்சம் லிட்டர். வெயிலில் ஆவியாகும் கொஞ்சம் போக மற்றதெல்லாம் நிலத்தடிக்குப் போய், சரிவின் போக்கில் கிணறுகளுக்கு நகரும். இன்று அதே தண்ணீர் ஒரே இரவில் ஓடிப் போய்விடுகிறது. தடுப்பணை செய்வது அதன் வேகத்தைக் குறைத்து, ஊறுவதற்கு நேரம் கொடுப்பதுதான். அதனால் தேக்கத்தில் யாரும் மோட்டார் வைத்து இறைக்கக் கூடாது என்று இன்றே தீர்மானம் போட வேண்டும் என்பது என் கருத்து. ஒருவர் வைத்தால் அடுத்தவரும் வைப்பார். கிணறுகளுக்கு எதுவும் மிஞ்சாது.

"இன்னும் உயரமாகக் கட்டினால் என்ன?" என்று சிலர் கேட்டீர்கள். சுவரின் உயரம் இரண்டு மடங்கானால் தண்ணீர் அதைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும், கவிழ்க்கும் வலு எட்டு மடங்காகும். 2 மீட்டர் சுவருக்கு வேறு அஸ்திவாரம், வேறு கணக்கு, வேறு செலவு. அதைவிட 1 மீட்டரில் இரண்டு கட்டலாம். கீழ் அணையின் தலைமட்டமும் மேல் அணையின் அடிமட்டமும் ஒன்றாக இருக்கும்படி இடைவெளி விட்டால் போதும். நம் சரிவுக்கு அது 100 மீட்டர்.

இனி, தடுப்பணை எப்படி உடைகிறது என்பதைப் பார்ப்போம். நடுச்சுவர் உடைவது அபூர்வம். கரையும் சுவரும் சேரும் மூலையில் தண்ணீர் வழி கண்டுபிடித்து, கரையை அறுத்துக்கொண்டு சுற்றிப் போய்விடும். சுவர் மட்டும் தனியாக நின்றுகொண்டிருக்கும். அல்லது வழிந்து விழும் தண்ணீர் கீழ்ப்பக்கம் பள்ளம் பறித்து அஸ்திவாரத்தை வெளியே காட்டிவிடும். இல்லையென்றால் அடியில் கசியும் நீர் மண்ணையும் சேர்த்து இழுத்து, உள்ளே ஒரு குடைவு உண்டாக்கும். இதனால்தான் சுவரை இரு பக்கமும் கெட்டியான கரைக்குள் ஒரு மீட்டருக்குக் குறையாமல் பதிக்கச் சொல்கிறேன். அஸ்திவாரம் பாறை வரை, இல்லையேல் இறுகிய மண் வரை போக வேண்டும். தண்ணீர் விழும் இடத்தில் பெரிய கல் பாவிய தளம் வேண்டும். மேஸ்திரி எதில் சிக்கனம் பிடிக்கச் சொன்னாலும் இந்த மூன்றில் விடாதீர்கள்.

வெள்ளம் போக இடமும் வேண்டும். கரைமரங்களில் சிக்கியிருந்த குப்பையைப் பார்த்து பெரிய வெள்ளத்தின் மட்டத்தை அளந்தோம்: 8 மீட்டர் அகலம், அரை மீட்டர் ஆழம். விநாடிக்கு ஒன்றரை மீட்டர் வேகம் என்று வைத்தால், விநாடிக்கு 6 கன மீட்டர் வருகிறது. சுவரின் மேல் 6 மீட்டர் அகலத்துக்கு மட்டும் வழி விட்டால், 60 சென்டிமீட்டர் ஆழத்தில் ஓடும்போது 4.7 கன மீட்டர்தான் போகும். மீதி கரை மேல் ஏறும். 8 மீட்டர் விட்டால் 6.3 போகும். ஆகவே 8 மீட்டர். சுவர் 1 மீட்டர், வெள்ளம் 60 சென்டிமீட்டர், அதற்கு மேல் பாதுகாப்புக்கு 30 சென்டிமீட்டர்: பக்கச் சுவரும் கரையும் கிட்டத்தட்ட 2 மீட்டர் உயரமாவது இருக்க வேண்டும்.

இதை வைத்து மூன்று இடங்களையும் பாருங்கள். வளைவில் கட்டினால் வெள்ளம் வெளிக்கரையில் நேராக மோதும். முதலில் போவது அந்தக் கரைதான். பாலத்துக்குக் கீழே கட்டுவது சாமான் இறக்க வசதி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தேக்கம் பாலத்துக்கு அடியில் ஏறி நிற்கும், பாலத்தின் குழாய்களில் வண்டல் அடைக்கும், பெருமழையில் சாலை முழுகும். மேலே உள்ள மூன்றாவது இடத்தில் ஓடை நேராகப் போகிறது, கரை இரண்டரை மீட்டர், தோண்டிய குழியில் 60 சென்டிமீட்டரில் பாறை தட்டியது. ஆனால் ஒன்று: ஓடை முழுக்கவே பாறையாக இருந்தால் சுவர் நிற்கும், தண்ணீர் ஊறாது. அங்கே மேல்பக்கம் நல்ல மணல் படுகை இருப்பதால் அந்தக் கவலை இல்லை. கிணறுகளில் பெரும்பாலானவை அதற்குக் கீழே இருக்கின்றன. தேக்கம் யாருடைய வயலையும் தொடாது. என் தேர்வு அதுதான். வண்டி போக ஒரு பாதை மட்டும் திருத்த வேண்டும். ஓடைக்குப் பொறுப்பான அலுவலகத்தின் அனுமதி கையில் வந்த பிறகே கடைக்கால் தோண்ட வேண்டும்.

பராமரிப்புக்கு வருவோம். நீரில் வரும் மெல்லிய சேறு படுகையில் தோல் போலப் படிந்து, ஊறுவதைத் தடுத்துவிடும். சுவர் நன்றாகவே இருக்கும், அணை மட்டும் பயன்படாமல் போயிருக்கும். எனவே ஒவ்வொரு கோடையிலும், படுகை காய்ந்ததும் அந்தச் சேற்றை வாரி வயலுக்குப் போடுங்கள். மணல் தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும். அதற்குக் கீழே தோண்டக் கூடாது. சுவரின் அடியை ஒட்டி இயந்திரத்தை விடவே கூடாது.

மழைக்கு முன்னால் விரிசல்களைப் பூசி, சுவரில் முளைத்த செடிகளைச் சின்னதாக இருக்கும்போதே வேரோடு எடுத்துவிடுங்கள். அப்புறம் கரையில் எலி, நண்டு வளைகளை அடைக்க வேண்டும். ஒவ்வொரு வெள்ளம் வடிந்ததும் இருவர் போய் இரு மூலைகளையும் கல் தளத்தையும் பார்க்கட்டும். புரண்ட கல்லை அன்றே திருப்பி வைத்தால் அரை நாள் வேலை. கீழ்ப்பக்கம் கசியும் நீர் தெளிவாக இருந்தால் கண்காணித்தால் போதும். கலங்கி வந்தால் மண் போகிறது என்று அர்த்தம். உடனே எனக்குச் சொல்லுங்கள், நான் வந்து பார்க்கும் வரை யாரும் சுவர் மேல் நடக்க வேண்டாம்.

கீழே உள்ள நான்கு கிணறுகளின் நீர்மட்டத்தை, கட்டுவதற்கு முன்பிருந்தே, பதினைந்து நாளுக்கு ஒரு முறை நோட்டில் குறித்து வையுங்கள். அணை வேலை செய்கிறதா என்று தெரிந்துகொள்ள அதுதான் வழி.

இன்று மூன்று முடிவுகள் வேண்டும்: இடம், மோட்டார் பற்றிய தீர்மானம், வெள்ளத்துக்குப் பின் பார்க்கப் போகும் இருவரின் பெயர். இடம் உறுதியானால், கரைக்கு ஒரு குழி தோண்டிப் பாறை எவ்வளவு தூரம் உள்ளே போகிறது என்று அடுத்த வாரமே பார்த்துவிடலாம்.