அப்பாவின் மரணசாசனம்: யாருக்கு என்ன, உங்கள் வேலை என்ன

புதுக்கடை, கொழும்பு 12

அன்புள்ள சுமதிக்கு,

அப்பா 2017இல் நொத்தாரிசுக்கும் இரண்டு சாட்சிகளுக்கும் முன்னால் கையெழுத்து வைத்த மரணசாசனத்தை இரண்டு தரம் வாசித்தேன். ஒழுங்காகத்தான் இருக்கிறது. அதில் எழுதியபடி எல்லாவற்றையும் செய்து முடிக்கும் நிறைவேற்றுநராக அவர் உங்களையே போட்டிருக்கிறார்.

முதலில் வெள்ளவத்தை வீடு, அதில்தான் எல்லோருக்கும் குழப்பம். அப்பா எழுதியது "எனக்குரிய பங்கு" என்று. வீட்டு உறுதிப் பத்திரத்தைப் பார்த்தால் வீடு அப்பா, அம்மா இருவர் பெயரிலும் சரிபாதி. ஆகவே பாதி இப்போதே அம்மாவுடையது, அதை இந்தச் சாசனம் தொடவேயில்லை. அப்பாவின் பாதியில் அம்மாவுக்குச் சீவிய உரித்து, அதாவது உயிரோடு இருக்கும்வரை அதை அனுபவிக்கும் உரிமை. அவருக்குப் பிறகு அந்தப் பாதி உங்களுக்கும் தங்கைக்கும் சமமாக, அதாவது முழு வீட்டில் ஆளுக்குக் கால் பங்கு. தம்பிக்கு இதில் ஒன்றுமில்லை, அவரிடம் இதை நீங்களே சொல்லுங்கள்.

புறக்கோட்டைக் கடை தம்பிக்கு. அதன் ஈட்டுக் கடன் 18 இலட்சத்தை நிலையான வைப்பிலிருந்து கட்டச் சொல்லியிருக்கிறார்.

வைப்பு 92 இலட்சம். செத்தவீட்டுச் செலவு 4, கடன் 18, வழக்குச் செலவுக்கு நான் மதிப்பிடுவது 5, வீட்டில் இருபது வருடம் சமைத்த அக்காவுக்கு அப்பா எழுதிய 5. மீதி 60 இலட்சம், மூன்று பிள்ளைகளுக்கும் தலா 20. யாழ்ப்பாணத்துக் காணித் துண்டைத் தனியாகக் குறிப்பிடவில்லை, ஆனால் "மற்றெல்லாம் மூவருக்கும் சமம்" என்ற கடைசி வாசகத்தில் அதுவும் அடங்கும்.

சேமிப்புக் கணக்கு வேறு கதை. தனக்குப் பிறகு அந்தப் பணத்தைப் பெறுபவராக அப்பா வங்கியில் அம்மாவை நியமித்து வைத்திருக்கிறார். நியமனம் இருந்தால் சாசனத்தில் வேறு விதமாக எழுதியிருந்தாலும் நியமனம்தான் செல்லும். பணம் நேரே அம்மாவுக்குப் போகும், பங்கில் சேராது.

இனி உங்கள் வேலை. சாசனத்தின் மூலப்பிரதியையும் இறப்பு அத்தாட்சிப் பத்திரத்தையும் என்னிடம் கொண்டு வாருங்கள். கொழும்பு மாவட்ட நீதிமன்றத்தில் மனுப் போடுவோம். பத்திரிகையில் அறிவித்தல் வரும், ஆட்சேபணை இல்லையென்றால் புறொபேற் கிடைக்கும், அதாவது சாசனத்தை ஏற்று உங்களுக்கு அதிகாரம் தரும் நீதிமன்றப் பத்திரம். அதற்கு முன் வைப்பைக் கேட்டு வங்கிக்குப் போக வேண்டாம், வீணலைச்சல்.

கிடைத்ததும் உங்கள் பெயரோடு 'நிறைவேற்றுநர்' என்று போட்டுத் தனிக் கணக்கு ஒன்று திறவுங்கள். வைப்பை அதற்கு மாற்றி, கடன்களை முதலில் தீருங்கள். பங்கு கொடுப்பது அப்புறம்தான். அவசரப்பட்டுத் தம்பிக்கு முன்பணம் கொடுத்தால், பிறகு ஒரு கடன்காரர் வந்து நிற்கும்போது பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். பிறகு கடைக்கும் வீட்டுப் பங்குக்கும் நிறைவேற்றுநர் உறுதி எழுதிக் காணிப் பதிவகத்தில் பதிவோம். புறொபேற் கிடைத்து ஒரு வருடத்துக்குள் இறுதிக் கணக்கை நீதிமன்றத்துக்குக் கொடுக்க வேண்டும். அதனால் பூக்காரருக்குக் கொடுத்த துண்டுச் சீட்டுவரை பத்திரமாக வையுங்கள்.

வருகிற செவ்வாய் பின்னேரம் வாருங்கள். அம்மாவையும் கூட்டி வாருங்கள், வீட்டு விஷயத்தை அவருக்கு நானே சொல்கிறேன்.

அன்புடன்,
உங்கள் சட்டத்தரணி