பூட்டிய பீரோவிலிருந்து பிள்ளைகளின் கைக்கு: பள்ளி நூலகத்திற்கு நன்கொடை வேண்டுகோள்

[படம்: தலைமையாசிரியர் அறையில் இருக்கும் இரும்புப் பீரோ. மேல்தட்டில் உள்ள படக்கதை நூலை எட்டிப் பிடிக்க முயல்கிறாள் மூன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தி.]

பெரியோர்களுக்கும் பெற்றோர்களுக்கும் முன்னாள் மாணவர்களுக்கும் வணக்கம்.

நம் ஊர் நடுநிலைப் பள்ளியின் நூலகம் மேலே படத்தில் உள்ள ஒற்றைப் பீரோதான். அதில் ஏறத்தாழ நானூறு நூல்கள் உள்ளன. பீரோவைத் திறக்க ஆசிரியர் ஒருவர் வர வேண்டும் என்பதாலும், எந்த நூல் எங்கே இருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது என்பதாலும், பிள்ளைகள் தாங்களே தேடி எடுத்துப் புரட்டிப் பார்க்க வழியில்லாமல் இருக்கிறது. கீழ்த்தட்டு நூல்கள் சிலவற்றின் முதுகுப்பகுதியைச் செல்லரித்துவிட்டது. மழைக்காலத்தில் பின்சுவரின் ஈரம் அட்டைகளில் இறங்குகிறது.

இந்திய நூலக இயலின் தந்தை எனப் போற்றப்படும் சீர்காழி சி. இரா. அரங்கநாதன் 1931ஆம் ஆண்டு வெளியிட்ட ஐந்து விதிகளில் முதலாவது, நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பதாகும். பூட்டுக்குள் இருக்கும் நூல் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அந்த விதி அங்கே நிறைவேறுவதில்லை. ஆகவே, பயன்பாடின்றி இருக்கும் கிழக்குப் பக்க வகுப்பறையைத் திறந்த நூலகமாக மாற்றத் தீர்மானித்துள்ளோம். ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் கைக்கும் எட்டும் உயரத்தில், சுவரை ஒட்டாமல் சற்றுத் தள்ளி, திறந்த அலமாரிகள் அமையும். பெரிய எழுத்தும் நிறையப் படங்களும் கொண்ட நூல்கள் தரைப்பாய்க்கு அருகிலேயே இருக்கும்.

இதற்கு ஆகும் மொத்தச் செலவு 2,40,000 ரூபாய். தரையையும் சன்னல்களையும் சீர்செய்ய 52,000, ஆறு அலமாரிகளுக்கு 48,000, மேசை பெஞ்சுகளுக்கு 40,000, புதிய நூல்களுக்கு 1,00,000 என மதிப்பிட்டுள்ளோம். முன்னாள் மாணவர்கள் சிலர் ஏற்கெனவே 60,000 ரூபாய் வழங்கியுள்ளனர். மீதி 1,80,000 ரூபாய் தேவை.

180 பேர் ஆளுக்கு 1,000 ரூபாய் கொடுத்தால் இந்தத் தொகை முழுமையாகச் சேர்ந்துவிடும். எனவே தாங்கள் 1,000 ரூபாய் வழங்கி உதவுமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறோம். இயன்றவர்கள் 8,000 ரூபாய் அளித்து ஓர் அலமாரியின் முழுச் செலவையும் ஏற்கலாம். நூறு ரூபாயையும் அதே நன்றியுடன் பெற்றுக்கொள்வோம். தொகை குறைவு என்று யாரும் தயங்க வேண்டாம்.

நூலாகத் தர விரும்புவோர், பிள்ளைகள் விரும்பிப் படிக்கக்கூடிய கதை, அறிவியல், வாழ்க்கை வரலாற்று நூல்களைத் தந்தால் மகிழ்வோம். பழைய பாடநூல்களையும் தேர்வுக் கையேடுகளையும் தயவுசெய்து தவிர்க்கவும். வீட்டில் இடத்தை அடைப்பவை நூலகத்திலும் இடத்தைத்தான் அடைக்கும்.

நன்கொடையை ஜூன் 30ஆம் தேதிக்குள், பள்ளி வேலை நாட்களில் காலை 10 மணி முதல் மாலை 4 மணி வரை அலுவலகத்தில் ரொக்கமாகவோ, பள்ளியின் பெயருக்குக் காசோலையாகவோ செலுத்தி, எண்ணிட்ட ரசீதைக் கேட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள். வரவு செலவுக் கணக்கு ஒவ்வொரு மாதமும் முதல் திங்களன்று பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். ரசீதுகளையும் பில்களையும் எவரும் நேரில் பார்க்கலாம்.

இங்ஙனம்,
தலைமையாசிரியர் மற்றும் நூலகக் குழுவினர்